பெட்டியும் பூட்டும் பேசாத இடம்

தலைக்கனமாம், தலைக்கனம்! தலையில் கனம் ஏற அவள் என்ன மகுடமா வைத்திருந்தாள்? வெட்டிப் போட்ட நூல்தான் முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். லேபர் கேம்ப் குழாயடிக்கு வருகிறவர்கள் கோகிலவாணியை ஒரு வார்த்தை சொல்லாமல் குடத்தைத் தூக்குவதில்லை.

"நாலு பேரு கேக்க ஆரம்பிச்சதும் அவளுக்குக் கெத்து வந்துட்டு. பேரு வாங்கிக் குடுத்த மாரீஸ்வரனைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டா" என்கிறாள் முருகம்மாள்.

யார் யாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது? நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

கோகிலவாணிக்கு தாராவியில் தாகா வேலை. தைத்து வந்த சட்டைகளில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். கை ஓடும், வாய் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருந்த வாயால் அவள் கூட இருந்த பெண்களுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினாள். காணாமல் போன தம்பியைத் தேடி பம்பாய்க்கு வந்த செண்பகத்தின் கதை. செண்பகத்துக்குத் துணையாகக் குர்லா ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டாள். ஒருவன் பெட்டி, மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான். இன்னொருவன் பூட்டு, சந்தேகப் பிராணி, வாயைத் திறக்கவே யோசிப்பான். அவர்கள் இருவரும் அடித்த லூட்டியில் சட்டையோடு சேர்த்து விரலை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. முருகம்மாளும் அதில் ஒருத்திதான், கேட்டால் மறுப்பாள்.

நைன்ட்டி ஃபீட் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரன் காதில் இது விழுந்தது. கடைக்கு மேலே இருந்த தகரக் கூரை அறையில் மைக்கை வைத்து, "அக்கா, இங்க வந்து சொல்லுங்க, நெட்ல போடுதேன்" என்றான். கோகிலவாணியே பெட்டி, பூட்டு இரண்டு குரலிலும் பேசினாள். சீத்தா கேம்ப், காட்கோபர் எங்கும் போனில் கேட்டார்கள்.

ஆரம்பத்தில், தகரக் கூரையில் மழை கொட்டிய ஒரு நாள் பதிவில், செண்பகத்தை எங்கோ கூட்டிப்போகிறேன் என்று பெட்டி மான்கூர்ட் ரயில் பாதைக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். "எனக்கு வழி தெரியும்!" என்றான். "தெரிஞ்சுதான் இங்க நிக்கோம்!" என்றான் பூட்டு. அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. பஸ் தாமதமானால் அதைச் சொன்னார்கள், ரேஷன் வரிசையில் சொன்னார்கள். மாரீஸ்வரன் அதை எல்லார் போனிலும் ரிங்டோனாக ஏற்றிவிட்டான்.

"அக்கா, ஒவ்வொரு பாகத்துலயும் இது வரணும்."

"வராது."

"ஏன்க்கா? ஜனங்க கேக்காங்கல்லா?"

"கேக்கட்டும். நெதம் சொன்னா அது அந்த ரெண்டு பேர் பேச்சா இருக்காதுடே, இருமலா ஆயிரும். ஒருத்தன் இருமுனா யாரு திரும்பிப் பாக்கா?"

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்து கேட்டவர்களின் கத்தரிச் சத்தம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்தே சொன்னவள். பெட்டியும் பூட்டும் வாய் திறக்கும் முன், இந்த இடத்தில் இவனுக்கு என்ன வேண்டும், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்வாள். வேறு வேறாக இல்லாவிட்டால் பேச விடமாட்டாள். போலீஸ் சௌக்கி பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்தாளே, பெட்டிக்குப் பசி, பூட்டுக்குப் பயம்.

"ஏலே, ஏட்டையா டப்பாவுல என்னமா வாசம் வருது!"

"உனக்கு டப்பா தெரியுது. எனக்கு அவர் கையில லத்தி தெரியுது."

"கேட்டா குடுப்பாருடே."

"குடுப்பாரு. ரெண்டையும் குடுப்பாரு."

ஏட்டு சிரித்துவிட்டார். சிரித்ததால்தான் அவருக்குத் தமிழ் தெரியும் என்பது வெளியானது. அவர் சொல்லித்தான் தம்பி வேலை பார்த்த தோல் பட்டறை செண்பகத்துக்குத் தெரிந்தது. வேடிக்கை பேசி முடித்ததும் கதை ஒரு அடியாவது நகர்ந்திருக்க வேண்டும், அது அவள் கணக்கு. பெட்டி சொன்னதை எடுத்துப் பூட்டு வாயில் வைத்தாலும் பொருந்துகிறதா, அப்படியானால் அது இருவர் பேச்சுமில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவாள். நேற்றுத் திட்டியதை இன்றைக்கு மறக்கவும் விடமாட்டாள். பூட்டு ஒரு நாள் "உனக்குப் பெத்த ஆத்தாவையே தேடிப்போகத் துப்பில்ல" என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு பல பாகங்களுக்குப் பெட்டி அவனிடம் மரியாதையாகப் பேசினான். "வாங்க, உக்காருங்க." கேட்டவர்களுக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்த வழிப் பேச்சையும் அவள் சும்மா விடவில்லை. ஒருமுறை பெட்டிக்கு நிஜமாகவே வழி தெரிந்திருந்தது. பூட்டு தலையைச் சொறிந்துகொண்டே பின்னால் நடந்தான். அதற்கப்புறம் அடியோடு நிறுத்திவிட்டாள். பெண்கள் கெஞ்சினார்கள், தரவில்லை. ஓரிடத்துக்காகச் சேர்த்து வைத்தாள். கட்டட வேலைக்குப் போன இடத்தில் பெட்டி சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பேச்சு மூச்சில்லை. செண்பகத்தைத் தம்பியிடம் கூட்டிப்போகப் பூட்டு மட்டும்தான் மிச்சம். வாசலில் நின்று அவன் முதல்முறையாகத் தானே சொல்கிறான், "எனக்கு வழி தெரியும்." பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில் கோகிலவாணி மைக்கின் முன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்தாள்.

மறுநாள் நூல் நறுக்கும் இடத்தில் முருகம்மாளின் போனில் அந்தப் பாகம் ஓடியது. "எனக்கு வழி தெரியும்" என்றான் பூட்டு. உடனே, "தெரிஞ்சுதான் இங்க நிக்கோம்!" என்று பூட்டே பதில் சொன்னான். பின்னாலேயே ஒரு கும்பல் சிரிப்பு. சித்திரை வெயில் கொளுத்துகிறது, அந்தப் பதிலுக்குப் பின்னால் தகரத்தில் மழை கொட்டுகிறது. பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியிருந்தான் மாரீஸ்வரன்.

பெண்கள் சிரித்தார்கள். கத்தரி எதுவும் நிற்கவில்லை. முருகம்மாள் கேட்டாள், "ஏட்டி, இது புதுசா, முன்ன கேட்டதா?"

பெட்டி பிழைப்பானா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

கோகிலவாணி கத்தரியை வைத்துவிட்டு நேரே மாரீஸ்வரனின் மேல் அறைக்குப் போனாள்.

"அதை எடுல."

"அக்கா, சல்தா ஹை, இதெல்லாம் ஓடும். கமெண்டப் பாருங்க, எல்லாம் சிரிப்புப் பொம்மையா விழுது."

"ஒருத்தன் சாகக் கிடக்கான். அங்க எதுக்குல சிரிப்பு?"

"சும்மா இருந்தா ஆடியோ கட் ஆயிட்டுன்னு நெனைப்பாங்கக்கா. அதுவும் போக, அவங்க ரெண்டு பேரும் காமெடிதான? கதை செண்பகத்துக்கு."

"காமெடியா? கூட்டாளி விழுந்து கிடக்கையில தனக்குத்தானே நக்கலடிக்கவனை நான் பெத்தேனா? அவன் மனுசன்டே! அந்த ஒரு சத்தமில்லாத இடத்துக்காக எத்தனை பாகம் வாயைக் கட்டினேன் தெரியுமா உனக்கு? அதை எடுத்துட்டு மறுபடி போடு."

மாரீஸ்வரன் சலித்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவன் சொன்னது இது: "காலி பீலி, சும்மா எதுக்கு டென்ஷன் ஆவுதீங்க? உங்க குரல்ல சண்டை, சிரிப்பு, திட்டு எல்லாம் என்கிட்ட கிடக்கு. அவங்க ரெண்டு பேரையும் ஒட்டி ஒட்டியே ஓட்டிருவேன். நீங்க செண்பகத்தை மட்டும் சொன்னாப் போதும்."

தலைக்கனம் என்கிறவர்கள் இந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்து காட்டட்டும். தான் வளர்த்த இருவரை, சொன்னதையே சொல்லும் கிளிகளாக்கிக் கூண்டில் போடுகிறேன் என்கிறான், அதற்கு அவள் இரையும் வைக்க வேண்டுமாம்.

அவள் கத்தவில்லை. மைக்கின் மேல் போட்டிருந்த தன் பழைய துண்டை உருவினாள், சாப்பாட்டு டப்பாவோடு பையில் திணித்தாள்.

"மிச்சக் கதை?" என்றான் அவன்.

"என்கிட்ட இருக்கு."

கதவைத் தாண்டினாள். அந்த அறைக்குப் படி கிடையாது, செங்குத்தான இரும்பு ஏணிதான். இறங்க இரண்டு கையும் வேண்டும். பையின் காதைப் பல்லில் கடித்துக்கொண்டு, முதுகைத் தெருவுக்குக் காட்டி இறங்கினாள். மேலே வாசலுக்கு வந்து நின்ற மாரீஸ்வரன், "நாளைக்கு ரிக்கார்டிங் இருக்குக்கா, வந்துருவீங்கல்லா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பல்லில் பை இருந்தது. அவள் அதை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.