அக்கா வயலில் விழுந்த வெடிப்பு

மின்சாரம் வந்ததும் முதல் ஆளாக மோட்டார் ரூமுக்கு ஓடுவதால் அவளுக்குக் கரண்டு அக்கா என்று பேர். புருஷன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்ற, வயலும் மோட்டாரும் அவள் பொறுப்பு. கிணறு ஒன்று, வயல் இரண்டு. மேல் வயல் அவளுடையது, கீழ் வயல் தம்பியுடையது. மேல் வயல் நிறைந்து வழிந்த பிறகுதான் கீழே மடை திறக்கும். கதிர் வரும் நேரத்தில் கிணறு கையை விரிக்கும். இரண்டு வெள்ளாமை தம்பிக்கு இப்படியே போயிற்று.

"இந்தத் தடவையும் போச்சுன்னா நகரத்துல வாட்ச்மேன் வேலைக்குப் போயிடுவேன்க்கா. ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"போடா, உன் மூஞ்சிக்குத் திருடனே பயப்பட மாட்டான்" என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்த தம்பி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அவள் வயலில், வரப்பை விட்டுத் தள்ளிப் புதைத்தான். உள்ளே இருந்த சேற்றை வழித்து எடுத்தான்.

"மேல தண்ணி தெரியலன்னாலும் மண்ணுக்குள்ள இருக்கும்க்கா. வேர் குடிச்சுக்கும். குழாய்க்குள்ள அரை அடிக்குக் கீழ இறங்கின பிறகு பாய்ச்சு, ரெண்டு அங்குலம் நின்னா போதும். காய்ச்சலும் பாய்ச்சலுமா விட்டா விளைச்சல் குறையாது, தண்ணி மிச்சம். பூக்குற சமயத்துல மட்டும் காயவே விடக்கூடாது."

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார். "என்னம்மா, வயலுக்கு ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடுக்குறியா?"

"உங்களுக்கும் ஒண்ணு வேணுமாண்ணே?" என்றாள். வாய்தான் அப்படிப் பேசியது. மனசு இன்னும் குழாயை நம்பவில்லை.

முதல் தடவை நன்றாகவே போனது. மிச்சப்பட்ட தண்ணீர் கீழ் வயலில் நின்றது. முன்னதாகவே நட்ட தம்பியின் பயிர் பூக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு அறுவடை மெஷின் ஓட்டும் வேலை வந்தது, வெளியூரில் ஒரு வாரம்.

"என்னோடது பூவுல இருக்குக்கா. தண்ணி பூரா கீழ விடு. உன்னோடது இப்பத்தான் தூர் கட்டுது, தாங்கும். கண்ணால பாத்துப் பயந்துடாத, குழாயைப் பாரு."

"எனக்குத் தெரியாதா? போய்ட்டு வா."

அவன் போன மறுநாள் அவள் வயலில் மயிரிழை போல் வெடிப்புகள் விழுந்தன. குனிந்து குழாய்க்குள் பார்த்தாள். நாலு விரல் ஆழத்தில் தண்ணீர் மினுங்கியது. அரை அடிக்கு இன்னும் இடம் இருந்தது. நிமிர்ந்தாள், மறுபடியும் வெடிப்பு. வெடித்த வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவள் கால்களுக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று கீழ் மடையை அடைத்து, தன் வயலுக்குத் திருப்பினாள். காய்ந்த வயல் குடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் திருப்பினாள். மூன்றாம் நாள் மோட்டார் காற்றை இழுத்தது. கிணறு ஊறி வருவதற்குள், மணல் கலந்த கீழ் வயல் காய்ந்து பாளமாகிவிட்டது. வெயில் வேறு நெருப்பாய்க் கொட்டியது.

தம்பி வந்தபோது கீழ் வயலில் கதிர்கள் வெளுத்து, நெட்டுக்குத்தாக நின்றன. மணி பிடித்த கதிர் தலை கவிழும், இவை கவிழவில்லை. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் நசுக்கினான். உமிதான். மேல் வயலுக்கு நடந்தான். குழாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர் தளும்பி நின்றது.

"வெடிச்சிருந்துதுடா" என்றாள்.

"குழாயைப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"தண்ணி இருந்துதா?"

ஆமென்று தலையசைத்தாள். அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், இருவரும் அழுது தீர்த்திருப்பார்கள். அவன் கைகால் கழுவிவிட்டு வந்து, "சாப்பாடு இருக்காக்கா?" என்று கேட்டான். அந்த வாரமே பெட்டியோடு நகரத்துக்குக் கிளம்பினான். பஸ் படியில் நின்று, "உடம்பைப் பாத்துக்கோ" என்றான்.

அதன் பிறகு அவள் குழாய் சொன்னபடியே நடந்தாள். வெடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பூத்தபோது தண்ணீர் கட்டினாள். அறுவடையில் போன வருஷம் கண்ட அதே மூட்டைகள், ஒன்றுகூடக் குறையவில்லை. கிணற்றில் தண்ணீர் கிடந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். "கிணத்துல இன்னும் தண்ணி இருக்குடா. கீழ் வயலுக்குத் தாராளமாப் போதும்."

"நல்லதுக்கா" என்றான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "இரு, கேட்டைத் திறந்து விட்டுட்டு வரேன்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அந்தப் பக்கம் இரும்புக் கேட் உருளும் சத்தம் கேட்டது. வண்டி உள்ளே போகும் சத்தம் கேட்டது. அவன் திரும்பி வந்து பேசவில்லை.