சிவப்புப் பேனையும் சுத்தமான லிஸ்டும்

ஞாயிறுதோறும் நானும் என் கணவரும் மாத்தளையிலிருந்து இரத்தோட்டைச் சந்தைக்குத் துணி விற்கப் போகிறோம். கொண்டுபோக வேண்டிய சாமான்களுக்கு ஒரு லிஸ்ட் உண்டு. அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, அதைப் பார்த்துச் சாமான்களை வேனில் ஏற்றுவது அவர் வேலை. எது இல்லாமல் கஷ்டப்பட்டோம், எது சும்மா போய் வந்தது என்று திரும்பியதும் அந்தக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதுவது என் வேலை. அதை வைத்து அவர் லிஸ்டைத் திருத்த வேண்டும்.

ஐந்து வாரம் ஒரே விஷயத்தை எழுதினேன். கிளிப் வேண்டும், சட்டைகள் காற்றில் பறக்கின்றன. ஆளுயரக் கண்ணாடி வேண்டாம், யாரும் பார்ப்பதில்லை. ஆறாவது வாரமும் கண்ணாடிதான் வந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று சேற்றில் கிடந்தது.

"நான் எழுதுறத நீங்க பாக்குறதே இல்லையா?" என்று கத்தினேன்.

"ஒண்ணையும் வீசல்ல. நீ கிறுக்கினத கொப்பி எடுத்தா வாசிக்க ஏலாது. அதான் சுத்தமான பழைய லிஸ்ட்லயே எடுக்கிறேன்" என்றபடி வேன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பைலை இழுத்தார். என் ஐந்து தாள்களும் கசங்காமல், திகதி வரிசையில் இருந்தன.

ஆறாவது தாளில் அழுத்தி எழுதினேன்: "பைல் வேண்டாம். வாராவாரம் வருகிறது, ஒருநாளும் திறந்து வாசிக்கவில்லை."

அதையும் வாங்கி, பத்திரமாகப் பைலில் வைத்தார்.