நாலு நாள் ஞாபகம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ஏணி என்றுதான் பெயர். பதினேழு வருஷமாக ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடை கடையாகக் கேமரா மாட்டுகிறார். முட்டி தேய்ந்துவிட்டது. அதைவிட அதிகமாக வாய் தேய்ந்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்வது? எங்கள் கடைக் கவுண்ட்டரில் பில் போடுகிற எனக்கே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போச்சு.

சலவைக்கடை முதலாளி வந்த அன்று இவர் ஏற்கெனவே மூன்று வீட்டில் ஏறி இறங்கியிருந்தார்.

"மூஞ்சியில இருக்குற மச்சம் வரைக்கும் தெரியணும். நாலு கேமரா, எட்டு மெகாபிக்சல்," என்றார் முதலாளி.

"உங்க கவுண்ட்டர்ல நிக்கிற ஆளு நாலடி தூரத்துல இருக்காரு. ரெண்டு மெகாபிக்சலே தெளிவா காட்டும்ங்க. எட்டுன்னா ஹார்டு டிஸ்க் பெருசா வேணும்."

"டிஸ்க்கை யாருய்யா பாக்கப்போறா? ஒரு டிபி போதும். இருட்டுல தெரியுமா?"

"தெரியும், ஆனா கருப்பு வெள்ளையில. கருப்புத் துணிகூட சமயத்துல வெளுப்பாத் தெரியும். கலர் வேணும்னா லைட்ட எரியவிடணும்."

முதலாளி சுவரிலிருந்த டிவியில் ஓடிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டிஸ்க்கில் நாலு நாள் பதிவுதான் நிற்கும், ஐந்தாம் நாள் பழசை அழித்து அதன்மேலேயே புதுசு பதியும் என்று இவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தார், நானே பார்த்தேன். பிறகு "சரிங்க" என்று ஆர்டரை எழுதிக்கொண்டார். நானாவது சொன்னேனா? எனக்கும் சீக்கிரம் ஷட்டரை இறக்கினால் போதும் என்றிருந்தது.

அந்தச் சலவைக்கடையில் துணி வாங்கிக் கொடுக்கிற வேலை ஒரு அக்காவுக்கு. கேமரா மாட்டப் போனபோது அவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டாராம். பதினோரு வருஷமாக அதே கவுண்ட்டர்.

மூன்று வாரம் கழித்து முதலாளி போன் செய்தார். ஒரு கோட்டு காணோம். சலவைக்குக் கொடுத்தவர் அடுத்த கல்யாணத்துக்குப் போட அலமாரியைத் திறந்தபோதுதான் அது இல்லை என்றே தெரிந்திருக்கிறது. "உங்க தம்பிதான் வந்து வாங்கிட்டுப் போனாரு. தெரிஞ்ச முகம்னு சீட்டு கேக்கல," என்கிறார் அக்கா. நான் போகவே இல்லை என்று கோட்டுக்காரரின் தம்பி சாதிக்கிறான். இருபது நாளுக்கு முந்தைய பதிவு வேண்டும்.

இவருடன் நானும் போனேன். ரெக்கார்டரில் தேதியைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாலு நாள் இருந்தது, அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருந்த நாலு நாளும் கண்ணாடி மாதிரித் தெளிவு. யார் யாரோ வந்தார்கள், போனார்கள், மச்சம்கூடத் தெரிந்தது.

"எப்படியாவது எடுத்துக் குடுங்கண்ணே," என்றார் அக்கா. "நான் குடுத்தது அதுல இருந்துச்சுல்ல?"

"இருந்திருக்கும்மா. அது மேலேயே வேற பதிஞ்சிடுச்சு. இனி யாராலயும் எடுக்க முடியாது."

முதலாளி எங்களைத் திட்டவில்லை. அக்காவைப் பார்த்து, "நாளையிலேருந்து வரவேண்டாம்," என்றார், அவ்வளவுதான். அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பாமல் படியிறங்கினார். இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தைடி. நாலு நாள்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார். ஆமாம் என்றுதான் சொன்னேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அவர் சொன்னதும் சரிதானே.

அதற்குப் பிறகு இவர் யார் வந்தாலும் முதலில், "உங்க கடையில ஒண்ணு காணாமப் போனா எத்தனை நாள்ல தெரியும்?" என்று கேட்க ஆரம்பித்தார். நகைக்கடைக்காரருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். துணி தைப்பவருக்கு ஒரு மாதம் ஆகும். சிலர் 'இவனுக்கென்ன கிறுக்கா' என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா எங்கள் கடைக்கு வந்தார். வீட்டு முன்னறையில் அயர்ன் கடை போட்டிருக்கிறாராம். எனக்கு எழுந்து நிற்பதா, உட்கார்வதா என்றே புரியவில்லை.

"ஒரே ஒரு கேமரா போதும்ணே. மச்சமெல்லாம் தெரிய வேண்டாம். ரொம்ப நாளைக்கு நிக்கணும்."

"ரெண்டு மெகாபிக்சல், ஒரு டிபி. ஒத்தக் கேமராதானே, ஒன்றரை மாசம் நிக்கும்மா," என்றார் இவர். ஒன்றரை மாதம் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் மாட்டப் போனோம். இவர் ஏணியில் ஏறிக் கேமராவை வாசல் பக்கம் திருப்பினார், வருகிறவர் முகம் விழுவதற்காக.

"அங்க வேண்டாம்ணே," என்றார் அக்கா கீழேயிருந்து. மேசையருகே போய் இரண்டு கையையும் அதன்மேல் விரித்து வைத்துக் காட்டினார். "நான் குடுக்குறதுதான் தெரியணும். என் கையைப் பாத்து வைங்க."