சூப்பில் விழுந்த சாணிவண்டு

எங்கள் தோட்டத்துச் சாணிவண்டுகளுக்குக் கேடுகாலம் வந்தது ஒரு கிண்ணம் சூப்பால். உக்குவளைக்கு மேலே ரப்பர் தோட்டம். ஒரு மாலை, பங்களா வராந்தாவில் தோட்டத்தை நடத்தும் தொரையும் கொழும்பு விருந்தாளிகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, விளக்கைத் தேடி வந்த கருவண்டு ஒன்று மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் சூப்பில் பொத்தென்று விழுந்துவிட்டது. தொரைச்சாணி போட்ட கூச்சலை மறுநாள் பங்களா சமையல்காரர் அப்பு தொழிலாளர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நடித்தே காட்டினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அந்த வாரத்தோடு சரி. லயத்து மாடுகள் மேய்கிற புல்மேட்டுக்குத் தொரை மருந்து மிஷினோடு ஓர் ஆளை அனுப்பினார். சாணி கண்ட இடத்திலெல்லாம் டிடிடி பூச்சிமருந்து அடிக்க உத்தரவு. "வண்டு எங்க பொறக்குதோ அங்கயே முடிக்கணும்" என்றாராம். அன்றிலிருந்து வண்டுகள் செத்து மல்லாந்து கிடந்தன.

அதுவரை நாங்களும் அவற்றை மதித்ததில்லை. பீயுருட்டி என்போம், காலால் தட்டிவிடுவோம். ஆனால் காலையில் மாடு போட்ட சாணி மறுநாள் துளைபட்டு உதிர்ந்து, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கும். மருந்து அடித்த பிறகுதான் அது யார் பார்த்த வேலை என்று தெரிந்தது. சாணி போட்டது போட்டபடி அடைஅடையாகக் கிடந்தது. அதைச் சுற்றிப் புல் தழைத்து நின்றது; மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. மேய இடம் குறையக் குறைய, பசி பொறுக்காமல் சாணியை ஒட்டிய புல்லையும் கடித்தன. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

என் கன்றுக்குட்டி கழிய ஆரம்பித்தது. முதுகு மயிர் சிலிர்த்துப்போய், தாடைக்குக் கீழே தண்ணீர் கட்டிப் பைபோல் தொங்கியது. கைப்பிள்ளைக்கு என்னிடம் பால் இல்லை. என் மாட்டுப் பாலில்தான் அவன் வளர்ந்தான். அதுவோ நாட்டு மாடு. கன்று வந்து முட்டினால்தான் மடி சுரக்கும். கன்று போனால் பாலும் போச்சு. அப்புறம் என் பிள்ளைக்கு நான் எதைக் கொடுப்பேன்?

பங்களாவுக்குப் போய்த் தொரையிடம் சொன்னேன். "மருந்து அடிச்ச பொறகுதாங்க தொரை சாணி மக்காம கெடக்கு. மேடே நாறிப்போச்சு."

"வண்டுக்குப் பரிஞ்சு பேச வந்திட்டியா? போ, போ" என்றார். பக்கத்தில் நின்ற அப்பு சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மருந்து மிஷினைப் பிடுங்கி அவர் மீதே அடித்திருப்பேன்.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அப்புவிடம் காரியமாக ஒன்று கேட்டுவைத்தேன். மாத்தளையிலிருந்து மாட்டு டாக்டர் எப்போது வருவார்? தொரையின் நாய்க்கு ஊசி போட அவர் வருவது வழக்கம். லயத்துக்கு இறங்கமாட்டார், பங்களாவில் தேநீர் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். வருகிற நாளை அப்பு சொன்னார். அன்று டாக்டர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, என் கன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய ஜீப்பின் முன்சக்கரத்தில் கட்டிப்போட்டேன். மூன்று முடிச்சு. நானும் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வெளியே வந்து திகைத்து நின்றார். "என்னம்மா இது?"

"வண்டிய எடுக்கறதுன்னா எங்க ரெண்டு பேர் மேலயும் ஏத்திட்டுப் போங்க ஐயா."

தொரை பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, குனிந்து கன்றின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துப்போயிருந்தது. எங்கே மேய்கிறது என்று கேட்டார். மேட்டைக் காட்டினேன். அவரே முன்னால் ஏற, நானும் தொரையும் பின்னால் ஏறினோம்.

டாக்டர் ஒரு சாணி அடையைக் குச்சியால் புரட்டினார். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சொதசொதவென்று ஈரம். ஒரு வண்டும் இல்லை.

"கன்னோட வயித்துல புழு இருக்கு, ரத்தத்தக் குடிக்குது" என்றார். "அது போடுற முட்டை சாணியோட வெளிய வரும். சாணி இப்பிடி ஈரமாக் கெடந்தா உள்ளயே பொரிச்சு, இந்தச் சூட்டுல ஒரு வாரத்துலயே வளந்துடும். மழை பெஞ்சா நனைஞ்ச புல்லுல ஏறி நிக்கும். கன்னு அந்தப் புல்லத் திங்கும், மறுபடி வயித்துக்குள்ள போயிடும்."

"அதுக்கும் வண்டுக்கும் என்ன?" என்றார் தொரை.

"வண்டு இருந்தா ஓரிரு நாள்ல சாணியப் பிரிச்சுக் காய வெச்சிடும், மிச்சத்த மண்ணுக்குள்ள எறக்கிடும். காயறதுல புழு செத்துப்போகும். ஆழத்துல போனது பெரும்பாலும் மேல வராது. நீங்க புழுவ விட்டுட்டு, புழுவுக்கு எதிரியக் கொன்னிருக்கீங்க." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க பங்களாக் கொட்டில்ல நிக்கிற ஜெர்சிக் கன்னுக்குப் புல்லு எங்கிருந்து அறுக்கறாங்க?"

தொரை காலடியிலிருந்த புல்லைப் பார்த்தார். இதே மேடுதான். விடுவிடுவென்று இறங்கிப் போய்த் தன் கன்றின் இமையை விலக்கிப் பார்த்தவர், அன்று சாயங்காலமே மருந்து மிஷினைப் பூட்டிவைக்கச் சொன்னார்.

டாக்டர் கொடுத்த பச்சைத் தூளைக் கரைத்து இரண்டு கன்றுகளுக்கும் புகட்டினோம். அதைக் குடித்தால் மூத்திரம் சிவந்துதான் போகும் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அப்புவிடம் சொல்லவில்லை. பங்களாக் கொட்டிலைப் பார்த்த அப்பு "ஐயோ, தொரை கன்னு ரத்தமாப் பேயுது!" என்று அலறிக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அன்று லயத்துக்கு அவர்தான் வேடிக்கை.

ஆனால் மருந்து வயிற்றில் இருப்பதைத்தான் கொல்லும்; புல்லில் ஏறி நிற்பதை என்ன செய்வது? கன்றை மேட்டுக்கு விடாமல், தோட்டத்துக்கு வெளியே புல் அறுத்துப் போட்டேன். மேட்டுக்கு வண்டு வேண்டும். விட்டுவைத்தால் தானாகப் பறந்து வரும், நாளாகும் என்றார் டாக்டர். அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? அடிவாரத்தில் மாடு வளர்க்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் வாளியோடு போனேன்.

"சாணி கேட்டு வாறவங்க இருக்காங்க தங்கச்சி. வண்டு கேட்டு வந்தது நீ ஒருத்திதான்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் குந்தி உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து சாணியைக் கிளறிக் கொடுத்தார். வாளிக்குள் மண்ணோடும் சாணியோடும் வண்டுகள் கிறுகிறுவென்று குடைந்தன. புதுச்சாணி பார்த்து மேட்டில் விட்டேன். பிறகும் பலமுறை போனேன். அடுத்த மழைக்குள் சாணி அடைகள் உதிரத் தொடங்கின. என் கன்றின் தாடை வற்றியது. தாயின் மடியில் அது ஓங்கி முட்டிய காலையில், மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

கொழும்பு விருந்தாளிகள் மறுபடி வந்தார்கள். பாத்திரம் கழுவ என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டுக்குப் பயந்து தொரைச்சாணி சன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடியிருந்தார். அப்பு சூப்பைக் கொண்டுபோகக் கதவைத் திறந்த அந்த இடுக்கில், ர்ர்ர் என்று ஒன்று உள்ளே போயிற்று. பொத்!

தொரையே எழுந்து அடுக்களைக்கு வந்தார். கையில் சூப்புக் கரண்டி, அதற்குள் கருவண்டு.

"இந்தா, உன் ஆளு" என்று என்னிடம் நீட்டினார். "மேட்டுல கொண்டு போய் விடு."

நான் வாங்கப் போனேன். கரண்டியை விடாமல் அவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"சூப்பு சூடாத்தான் இருந்திச்சு" என்றார், குரலை இறக்கி. "செத்துப்போகலதானே?"

வண்டு ஒரு காலை உதறியது. அதற்குப் பிறகுதான் கரண்டியை விட்டார்.