டஜனுக்குப் பன்னிரண்டு

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் கதவுத் தாழ்ப்பாள் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். வேலை எப்போது போகுமோ என்ற பயம் மட்டும் ஊரில் இறங்கின பிறகும் கூடவே வரும்.

அப்போது குவைத்துக் கம்பெனி ஒன்று எங்கள் விலைப்பட்டியலைக் கேட்டது. முதலாளி உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுப்பதையே அனுப்பிவிட்டார். 'ஆறு அங்குலத் தாழ்ப்பாள், முதல் தரம், டஜன் விலை, கோடவுன் டெலிவரி.' ஆங்கிலத்தில் பதில் வந்தது. மில்லிமீட்டரில் அளவு என்ன, எடை என்ன, தரத்துக்கு யார் சான்று, எப்படிக் கட்டி அனுப்புவீர்கள், விலை எந்த இடம் வரைக்கும்?

"முதல் தரம்னு போட்டுக்கீறோமே, அதுக்கு மேல இன்னா சான்று?" என்று முதலாளி கோபித்துக்கொண்டார்.

"அது நம்ம வாயால சொல்றது சார். அவங்களுக்கு கவர்மென்ட் சோதனை சர்ட்டிபிகேட் வேணும்" என்றேன்.

பட்டியலைப் புதிதாக அடிக்க உட்கார்ந்தேன். ஆறு அங்குலத்தை நூற்றைம்பது மில்லிமீட்டர் என்று போடச் சொன்னார். நூற்றைம்பத்திரண்டு என்று அடித்தேன். "ரெண்டு மில்லியில இன்னா கொள்ளை போவுது?" என்றார். "துளை போட்டு வெச்ச கதவுல நம்ம தாழ்ப்பாள் உக்காரலேன்னா சரக்கே திரும்பி வரும் சார்" என்றதும் அடங்கினார்.

துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டிக்கு ஒரு டஜன், மரப்பெட்டிக்கு இருபது அட்டைப்பெட்டி. சரக்கு எடை தனி, பெட்டியோடு எடை தனி. விலை எஃப்.ஓ.பி. மெட்ராஸ். அதாவது கப்பலில் ஏற்றும் வரை செலவு எங்களுடையது, கடல் கூலியும் இன்ஷூரன்சும் அவர்களுடையது. அப்படி ஒரு பட்டியலை அடித்து முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஆர்டரும் வந்தது. முதலாளி ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். "இந்த சரக்கு கப்பல் ஏறட்டும்மா, நீ பர்மனென்ட்" என்றார். அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். உட்காரத் தோன்றவில்லை.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கையில் அந்த சர்ட்டிபிகேட் கொடுக்கும் கவர்மென்ட் சோதனை அதிகாரி வந்தார். ஒரு மரப்பெட்டியைத் திறந்து, ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து எண்ணினார். பதின்மூன்று. இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் பதின்மூன்று.

"லிஸ்டுல பன்னெண்டுதானே இருக்கு?"

நான் கையிலிருந்த லிஸ்டை மறுபடி பார்த்தேன். பேக்கிங் பார்க்கும் அக்கா மட்டும் பெருமையாகச் சிரித்தார். "அது கொசுறு சார். பெரியபாளையம் கடைக்காரனுக்கே டஜனுக்கு ஒண்ணு போடறோம். கடல் தாண்டி வாங்கறவனுக்குப் போடாம உடலாமா?"

"குறைஞ்சா ஏமாத்து. கூடினா, கணக்குல காட்டாத சரக்கு. ரெண்டுக்கும் சர்ட்டிபிகேட் கிடையாது" என்றார் அதிகாரி. பணத்துக்கு உறுதி சொல்லிக் குவைத்துக்காரரின் பேங்க் கொடுத்த எல்.சி. கடிதத்திலும் பன்னிரண்டு என்ற கணக்குதான். காகிதங்கள் அதோடு ஒத்துப்போனால்தான் பணம். மாற்றி எழுதி வாங்க நேரமில்லை.

"எல்லாத்தையும் பிரிச்சு எடுங்க" என்று கத்தினேன். பர்மனென்ட் வேலை கண்ணெதிரே நழுவுகிற ஆத்திரம். அக்கா என்னை முறைத்தார். "கஞ்சம்மே நீ. அந்த மனுசன் நம்மளப் பத்தி இன்னா நெனைப்பான்?"

முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆணி பிடுங்கினார். பெண்கள் பாட்டும் கிண்டலுமாகக் கொசுறுகளை ஒரு கூடையில் போட்டார்கள். ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி எடை போட்டோம். பழைய எடைமேல் கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதியதை எழுதினேன். மறுநாள் அதிகாரி எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். லாரி போயிற்று, கப்பலும் ஏறிற்று. எனக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அக்கா மட்டும் சில வாரங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் குவைத்துக் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர் எங்களைப் பார்க்க வருவதாகத் தெரிந்தது. கோட்டு போட்ட அரபியை எதிர்பார்த்து ஆங்கிலத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கியோடு ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பழவேற்காட்டுக்காரர், லீவில் ஊருக்கு வந்தவர்.

"சரக்கு சுத்தம். லிஸ்டு அதைவிட சுத்தம்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு வருத்தம் மொதலாளி. நம்மூரு சரக்காச்சேன்னு மொதல் பெட்டிய நானே பிரிச்சு எண்ணினேன். டஜனுக்குப் பன்னெண்டுதான் இருந்துச்சு. இன்னா, கொசுறெல்லாம் நிறுத்திட்டீங்களா?"

அக்கா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினேன். பேக்கிங் என்ற வரியில், 'டஜனுக்கு ஒன்று இலவசம், எண்ணிக்கையிலும் எடையிலும் சேர்க்கப்பட்டது, விலை காட்டியிருப்பது சுங்கக் கணக்குக்காக மட்டும்' என்று அடித்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று, அந்த வரியை என்னைத் தமிழில் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.