கழித்தது போக பதினான்காயிரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் பாகங்களுக்கு முலாம் பூசித் தருபவர் ஆவடிப் பக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு நாங்கள் தர வேண்டியது, டிடிஎஸ் பிடித்தது போக, எண்பத்து நான்காயிரம். தொட்டியில் பொருள்களைத் தொங்கவிடும் ஜிக்குகளை எங்களிடம் வாங்கிய வகையில் அவர் தர வேண்டியது எழுபதாயிரம்.

"காசு எதுக்கு சார், என் பில்லுல கழிச்சுக்கோங்க" என்று ஜிக் வாங்கும்போது சொன்னவர் அவரேதான். அதற்குச் சம்மதக் கடிதம் ஒன்றை நான் தயாரித்தேன், அவர் படிக்காமல் கையெழுத்திட்டார். சனிக்கிழமை காலை கான்ட்ரா போட்டேன், அதாவது ஒன்றுக்கொன்று நேர் செய்தேன்: அவருடைய சப்ளையர் கணக்கில் எழுபதாயிரம் பற்று, அவருடைய வாடிக்கையாளர் கணக்கில் எழுபதாயிரம் வரவு. ஜிஎஸ்டிக்கு இரண்டு பில்களும் முழுத் தொகையில் அப்படியே இருந்தன. பாக்கி பதினான்காயிரத்தை வங்கியில் அனுப்பினேன். ஒரு பைசா பிசகவில்லை.

மதியம் அவர் நேரில் வந்துவிட்டார்.

"இன்னா சார், பதினாலு வந்துகீது? எட்டுக்குப் பதிலா ஒண்ணு போட்டுட்டீங்களா?"

கடிதத்தைக் காட்டினேன்.

"கழிச்சுக்கோன்னா, பில்லுக்குப் பத்துப் பத்தாயிரமா கழிப்பீங்கன்னு பாத்தேன். இப்டி ஒரே வாயில முழுங்கிட்டீங்களே! இன்னிக்கு மாசக் கூலி நாளு சார். அஞ்சு பேரு ஒக்காந்துகினு கீறானுங்க. அறுவதாயிரம் வேணும்."

அந்தக் கடிதத்தில் 'முழுவதும்' என்ற சொல்லை நான் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அதையும் காட்டினேன். அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கணக்கு கணக்குதானேப்பா. நாங்க உனக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

"பாக்கி இல்ல மொதலாளி. ஆனா கூலி குடுக்காட்டி திங்கக்கெழம ஒருத்தனும் வர மாட்டான். உங்க ரெண்டு லோடு என்னாண்டதான் ஊறிகினு கீது."

அந்த இரண்டு லோடும் செவ்வாய்க்கிழமை எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குப் போயாக வேண்டியவை. முதலாளியின் முகத்தில் கருணை பிறந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அடுத்த பில்லுக்கு அட்வான்ஸ்னு அம்பதாயிரம் போடுங்க சார்" என்றார் முதலாளி என்னிடம். "மனுஷன்னா ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணணும்."

போட்டேன். ஆக, மிச்சம்பிடிக்கக் கான்ட்ரா போட்ட நாளில் எங்களிடமிருந்து போனது அறுபத்து நான்காயிரம். அவருடைய சப்ளையர் கணக்கு இப்போது ஐம்பதாயிரம் பற்று காட்டியது. காலையில் எங்களுக்குக் கடன் கொடுத்தவராக இருந்தவர் மாலையில் கடன்பட்டவராகிவிட்டார்.

வவுச்சரில் கையெழுத்திட்டுவிட்டு அவர் முதலாளியைக் கும்பிட்டார். "ரொம்ப டேங்க்ஸ் மொதலாளி" என்றார், குரலில் கிண்டல் இல்லாமல். முதலாளி பெருந்தன்மையாகத் தலையாட்டினார். வாசல்வரை போனவர் என்னிடம் திரும்பி வந்தார்.

"சார், அந்த லெட்டர் ஒரு காப்பி குடுங்க. இந்தவாட்டி படிக்கிறேன்."