பாதி விளம்பரத்துக்கு மட்டும் ராகு காலம்

தி.நகர் பட்டுக்கடை ஒன்றுக்கு இணைய விளம்பர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விளம்பர இடத்துக்கான ஏலத்தொகையை நாமே வைக்கும் பழைய முறை நல்லதா, கணினியே வைக்கும் புதிய முறை நல்லதா என்று சோதிக்க, இணையத்தில் தேடி வருபவர்களைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டேன். மற்றதெல்லாம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், கை வைக்காதீர்கள் என்று முதலாளியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

ஆனால் புதிய முறை ஓடிய பாதி மட்டும் தினமும் ஒன்றரை மணி நேரம் செத்துக் கிடந்தது. யார் நிறுத்தியது என்று பார்த்தால், முதலாளியேதான்.

“புதுசாச்சே மா, ராகு காலத்துல எப்படி ஓட விடறது?”

“அப்போ பழசு?”

“அது எப்பவோ ஆரம்பிச்சது. அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

எனக்கு வந்த கோபத்தில், நிறுத்தினால் இரண்டையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் இரண்டையும் விடுங்கள் என்று கத்தினேன்.

“ரெண்டையும் நிறுத்திடு மா” என்றார், நிம்மதியாக.

சோதனையை முதலிலிருந்து தொடங்கினோம். புதிய முறை தெளிவாக ஜெயித்தது. இனி அதுவே முழுசாக ஓடட்டும் என்று பொத்தானை அழுத்தப் போனவள், சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எழுந்து காபி குடிக்கப் போனேன்.